சார், லாகின் பேஜ் ஓபன் ஆகல

கல்லூரி நெட்வொர்க் டீமுக்கு ஹாஸ்டலிலிருந்து வரும் மடல் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, ஹாஸ்டலில் வைஃபை வேலை செய்யவில்லை. லாகின் பேஜ் ஓபன் ஆகவில்லை. நாளை அசைன்மென்ட் சமர்ப்பிக்க வேண்டும். உடனே ஆவன செய்யவும்." மரியாதைக்குக் குறைவில்லை, அவசரமும் உண்மைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு அவர்கள் எதைச் சரிசெய்வது? அவர்கள் திரையில் ஹாஸ்டலின் ஆக்சஸ் பாயின்ட்கள் எல்லாம் பச்சையாக எரிகின்றன. லாகின் பக்கம் அவர்கள் மேசையிலிருந்து திறக்கிறது. இணைய இணைப்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே, "சரிபார்த்தோம், நன்றாக இயங்குகிறது" என்று பதில் போகும். அன்றிரவு மாணவர் மறுபடியும் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டு பக்கமும் பொய் இல்லை. லாகின் பக்கம் என்பது திரையில் தோன்றும் முன் சில படிகளைத் தாண்டி வரவேண்டிய ஒன்று. எந்தப் படியில் தடுக்கி விழுந்தாலும் மாணவரின் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் வரவில்லை. மடலில் அந்தப் படி எது என்பதற்கான தடயம் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியலாம். இல்லாவிட்டால் மடல்கள் போய்வந்துகொண்டே இருக்கும்.

அந்தப் படிகள் எவை? முதலில் போனோ லேப்டாப்போ அருகிலுள்ள ஆக்சஸ் பாயின்ட்டோடு கைகோக்கிறது. வைஃபை சின்னத்தில் கோடுகள் தெரிவது இந்தக் கட்டத்துக்கான அடையாளம் மட்டுமே. பலர் இதையே முழு இணைப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். அடுத்து, கருவி தனக்கு ஓர் ஐபி முகவரி வேண்டும் என்று நெட்வொர்க்கில் கூவிக் கேட்கிறது. அதற்கென்றே இருக்கும் டிஹெச்சிபி சர்வர் கையிருப்பிலிருந்து ஒரு முகவரியை எடுத்துக் கொடுக்கிறது. வெளியே போகும் வழி எது, இணையப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர் எது என்பதையும் கூடவே சொல்லி அனுப்புகிறது. மூன்றாவது படிதான் சுவாரஸ்யமானது. நாம் எதையும் தொடாமலே, கருவி தானாக ஒரு சோதனை செய்கிறது.

ஆண்ட்ராய்டு போன் `http://connectivitycheck.gstatic.com/generate_204` என்ற முகவரியைத் தட்டிப் பார்க்கும். திறந்த இணையமாக இருந்தால் அங்கிருந்து வெற்றுப் பதில் ஒன்று, 204 என்ற எண்ணோடு வரவேண்டும். ஐபோன் `http://captive.apple.com/hotspot-detect.html` பக்கத்தைக் கேட்டு, அதில் `Success` என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கும். விண்டோஸ் `http://www.msftconnecttest.com/connecttest.txt` கோப்பில் `Microsoft Connect Test` என்ற வாசகத்தைத் தேடும். கல்லூரி நெட்வொர்க்கின் வாசலில் இருக்கும் ஃபயர்வால், இன்னும் லாகின் செய்யாத கருவியின் இந்தக் கேள்வியை இடைமறித்து, "அங்கே போகாதே, இங்கே வா" என்று தன் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும். எதிர்பார்த்த பதிலுக்குப் பதிலாக வேறொன்று வந்ததும் கருவிக்குப் புரிந்துவிடுகிறது. நெட்வொர்க்கில் உள்நுழையச் சொல்லும் அறிவிப்பு மேலே தோன்றுவது இப்படித்தான். இந்த ஏற்பாட்டுக்கு கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர்.

மூன்று முகவரிகளும் `https` என்று இல்லாமல் வெறும் `http` என்று தொடங்குவதைக் கவனித்திருக்கலாம். அது வேண்டுமென்றே செய்தது. பூட்டுப் போட்ட `https` உரையாடலில் நடுவில் புகுந்து வேறு பக்கத்துக்குத் திருப்ப முயன்றால், யாரோ ஆள்மாறாட்டம் செய்கிறார்கள் என்று பிரௌசர் எச்சரித்து நின்றுவிடும். அது நம் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் அதனால்தான் பிரௌசரில் கூகுளையோ வங்கித் தளத்தையோ தட்டி லாகின் பக்கத்துக்காகக் காத்திருப்பது வீண். இன்று ஏறத்தாழ எல்லாப் பெரிய தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. அறிவிப்பு வராவிட்டால் `http://neverssl.com` என்று தட்டிப் பார்க்கலாம். எப்போதும் பூட்டில்லாமல் இருப்பதற்கென்றே நடத்தப்படும் தளம் அது. நெட்வொர்க் சரியாக இருந்தால் அதைத் தட்டியதும் கல்லூரியின் லாகின் பக்கம் வந்து நிற்கும்.

இனி ஒரு ஹாஸ்டலைக் கற்பனை செய்துகொள்வோம். பொறியியல் கல்லூரி, பி பிளாக், நான்கு மாடிகள், 300 மாணவர்கள். செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. மாலை ஐந்து மணிக்கே அறைக்குத் திரும்புகிறவர்களுக்கு வைஃபை வருகிறது. லேப் முடித்து எட்டரைக்கு மேல் வருகிறவர்களுக்கு வருவதில்லை. அறையில் இருவர் இருந்தால் ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருப்பார், மற்றவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார். மூன்றாம் மாடி மாணவர் ஒருவர் நாம் மேலே பார்த்த இரண்டு வரி மடலை அனுப்புகிறார். மறுநாள் காலை 11 மணிக்கு நெட்வொர்க் டீமிலிருந்து ஒருவர் மாடிக்கே வந்து தன் போனில் சோதிக்கிறார். பக்கம் திறக்கிறது. புகார் முடித்துவைக்கப்படுகிறது.

அன்றிரவு மாணவர் ஜன்னலோரம் போகவில்லை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து `ipconfig /all` என்று தட்டுகிறார். நீளமாக ஓடும் பட்டியலில் வைஃபை என்ற தலைப்பின் கீழ் இப்படி இருக்கிறது:

```
DHCP Enabled. . . . . . . . . . . : Yes
Autoconfiguration IPv4 Address. . : 169.254.83.17(Preferred)
Subnet Mask . . . . . . . . . . . : 255.255.0.0
Default Gateway . . . . . . . . . :
```

இந்த நான்கு வரியில் நோய் பாதி தெரிந்துவிட்டது. 169.254 என்று தொடங்கும் முகவரியை எந்தச் சர்வரும் கொடுப்பதில்லை. முகவரி கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் போனால், விண்டோஸ் தானே தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் அது. வெளியே போகும் வழி என்ற இடம் காலியாக இருக்கிறது. அதாவது இரண்டாவது படியிலேயே வண்டி நின்றுவிட்டது. லாகின் பக்கத்தைத் தேடும் சோதனைக்கே இந்த லேப்டாப் போய்ச் சேரவில்லை. (ஆண்ட்ராய்டு போனில் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். முகவரி பெறுகிறேன் என்று நெடுநேரம் காட்டிவிட்டு இணைப்பைக் கைவிடும்.)

பிறகு அறைத் தோழரின் லேப்டாப்பில் அதே கட்டளையைத் தட்டுகிறார். அங்கே முகவரி 10.20.4.211. வழி 10.20.4.1. அதற்குக் கீழே `Lease Obtained` என்ற வரியில் இன்று மதியம் 2.10 என்றும், `Lease Expires` என்ற வரியில் நாளை மதியம் 2.10 என்றும் இருக்கிறது. தோழரின் வைஃபையை அணைத்து மீண்டும் போட்டுப் பார்க்கிறார்கள். அதே முகவரி திரும்பக் கிடைக்கிறது. லாகின் பக்கமும் சட்டென்று வருகிறது.

இதன் பிறகு அவர் எழுதிய மடல் கீழே. கல்லூரிகளில் இது ஆங்கிலத்தில்தான் போகும். விஷயம் மொழியில் இல்லை என்பதால் தமிழிலேயே தருகிறேன்.

பொருள்: பி பிளாக் 3-ஆம் மாடி – இரவு 8.30-க்குப் பிறகு புதிய கருவிகளுக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை, அதனால் லாகின் பக்கம் வரவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பி பிளாக் 314-ஆம் அறையில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவன். திங்கள் முதல் மூன்று இரவுகளாக இரவு 8.30-க்குப் பிறகு என் லேப்டாப்பிலும் போனிலும் லாகின் பக்கம் திறக்கவில்லை. இன்று காலை நீங்கள் வந்து பார்த்தபோது திறந்தது என்று அறிந்தேன். பகலில் எங்களுக்கும் இந்தச் சிக்கல் வருவதில்லை.

இன்று இரவு 8.52-க்குப் பார்த்தபோது சிக்னல் முழுமையாக இருந்தது. ஆனால் என் லேப்டாப்புக்கு 169.254.83.17 என்ற முகவரிதான் இருக்கிறது, கேட்வே இடம் காலி. அதே அறையில் மதியமே இணைத்த தோழரின் லேப்டாப்பில் 10.20.4.211 இருக்கிறது, லாகின் பக்கமும் திறக்கிறது. அவருடைய வைஃபையை அணைத்துப் போட்டாலும் அதே முகவரி திரும்ப வருகிறது. அதில் லீஸ் 24 மணி நேரம் என்று காட்டுகிறது.

312, 316, 320 ஆகிய அறைகளிலும் கேட்டேன். மாலையே வந்தவர்களுக்கு வேலை செய்கிறது, 8.30-க்கு மேல் வந்தவர்களுக்கு இல்லை. என் லேப்டாப்பில் ஐபி, டிஎன்எஸ் எதையும் நான் கையால் மாற்றவில்லை, விபிஎன் இல்லை. இரண்டு லேப்டாப்களிலும் எடுத்த `ipconfig /all` ஸ்கிரீன்ஷாட்களை முழுமையாக இணைத்திருக்கிறேன். இரவு 8.30-க்கு மேல் யாராவது வந்து பார்க்க முடிந்தால் நான் அறையில் இருப்பேன்.

இப்படிக்கு,
(பெயர், பதிவு எண், கைபேசி எண்)

பெற்றவர் இதை எப்படிப் படிப்பார்? முகவரி 169.254 என்றதுமே லாகின் பக்கத்தை நடத்தும் ஃபயர்வால் மீதான சந்தேகம் போய்விடும். தோழருக்குப் பக்கம் திறக்கிறது என்பது அதை உறுதி செய்கிறது. ஒரே அறையில் ஒருவருக்கு வேலை செய்வதால் ஆக்சஸ் பாயின்ட்டும் தப்பித்தது. ஏற்கெனவே முகவரி வைத்திருப்பவருக்கு அது திரும்பக் கிடைக்கிறது, புதிதாகக் கேட்பவருக்குக் கிடைக்கவில்லை என்றால், சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, கையிருப்புதான் தீர்ந்துவிட்டது. லீஸ் 24 மணி நேரம் என்ற குறிப்பு அதற்கான காரணத்தையும் காட்டிவிடுகிறது. அவர் செய்ய வேண்டியது டிஹெச்சிபி சர்வரின் பதிவேட்டில் இரவு 8.52-ஐத் தேடுவது மட்டுமே. பரவலாகப் பயன்படும் ஒரு சர்வர் மென்பொருளில் அங்கே `no free leases` என்ற வரி வரிசையாக நிற்கும்.

மணியை நிமிடத்தோடு எழுதுவதன் பயன் இங்கேதான் தெரியும். ஒரு ஹாஸ்டலின் பதிவேட்டில் ஒரு மாலைக்குள் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். "நேற்று ராத்திரி" என்று எழுதினால் அந்தக் குவியலில் தேட வேண்டும். "8.52" என்றால் நேரே அந்த வரிக்குப் போகலாம்.

கையிருப்பு எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம். பி பிளாக்குக்கு 10.20.4 என்று தொடங்கும் ஒரு தொகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தொகுதியில் கருவிகளுக்குத் தரக்கூடியவை அதிகபட்சம் 254. கேட்வே, ஆக்சஸ் பாயின்ட், பிரின்டர் என்று சிலவற்றை ஒதுக்கிவிட்டு 10 முதல் 250 வரை மாணவர்களுக்குத் திறந்திருக்கிறார்கள். ஆக 241. தங்கியிருப்பவர்கள் 300. ஆளுக்கு ஒரு போன், பெரும்பாலோர்க்கு ஒரு லேப்டாப். கணக்கு முதல் நாளே இடிக்க வேண்டும், ஆனால் இடிக்கவில்லை. செமஸ்டரின் தொடக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் இணைவதில்லை. தேர்வும் புராஜெக்டும் நெருங்க நெருங்கத்தான் இரவு நெரிசல் கூடும்.

நெரிசலைவிட மோசமானது 24 மணி நேரக் கெடு. மெஸ்ஸில் 241 தட்டுகள்தான் இருக்கின்றன, ஒருமுறை தட்டை எடுத்தவர் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாலும் மறுநாள் அதே நேரம் வரை அந்தத் தட்டு அவர் பெயரில்தான் என்று ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்? போன்கள் வைஃபை எல்லையை விட்டு வெளியே போகும்போது முகவரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. மதியம் சாப்பிட வந்து போன போன், நண்பனைப் பார்க்க வந்த பக்கத்து பிளாக் மாணவரின் போன், சனிக்கிழமை வந்த தம்பியின் போன், எல்லாம் ஒரு நாள் முழுக்க ஒவ்வொரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். அறையிலேயே இருக்கும் கருவியோ கெடுவில் பாதி கழிந்ததும் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே முதலில் வந்தவருக்கு முகவரி நிலைத்துவிடுகிறது, பின்னால் வந்தவருக்கு எப்போதும் இல்லை. சிலருக்கு மட்டும் வைஃபை வருகிறது, நம்மை வேண்டுமென்றே தடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற ஹாஸ்டல் வதந்திகளுக்கு இதுதான் மூலம்.

காலையில் வந்தவருக்குப் பக்கம் திறந்ததும் இதனால்தான். இரவில் அணைத்துவைத்த லேப்டாப்கள் புதுப்பிக்காததால் காலையில் சில முகவரிகள் விடுபட்டிருக்கும், கேட்கவும் ஆள் இல்லை. அதோடு, முந்தின நாள் அவர் போன் அந்த பிளாக்கில் முகவரி வாங்கியிருந்தால் அதே முகவரி அவருக்காகக் காத்திருந்திருக்கும். கோளாறு இருக்கும் நேரத்தில் சோதிக்காத சோதனைக்கு மதிப்பில்லை. எனக்கு நெட்வொர்க் டீம்கள் மீது இருக்கும் குறை இதுதான். கையிருப்பில் பத்தில் ஒன்பது பங்கு போனதும் எச்சரிக்கை வரும்படி வைத்துக்கொள்வது கடினமே இல்லை. அதை வைத்திருந்தால் மாணவர் `ipconfig` கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே வந்திருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு, அது அண்மைக்காலத்தது. ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் மேக் முகவரி என்ற வன்பொருள் எண் ஒன்று உண்டு. டிஹெச்சிபி சர்வர் பெரும்பாலும் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். கடைகளும் விமான நிலையங்களும் அந்த எண்ணை வைத்து நம்மைப் பின்தொடரக்கூடும் என்பதால், ஆண்ட்ராய்டு 2019-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தும், ஐபோன் 2020-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்தும், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டத் தொடங்கின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பி பிளாக்கில் மாடிக்கு ஒரு வைஃபை பெயர் வைத்து, நான்குக்கும் ஒரே கையிருப்பிலிருந்து முகவரி கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே போன் மாடியேறி இறங்கினால் நான்கு வேறு ஆட்களாக நான்கு முகவரிகளை வாங்கிவிடும். விண்டோஸில் அந்த எண்ணைத் தினமும் மாற்றும் வசதி உண்டு. அதைப் போட்டுவைத்தவர் நாளுக்கு ஒரு புது ஆள்.

சரிசெய்ய நெட்வொர்க் டீம் இரண்டு மாற்றங்கள் செய்கிறது. கெடுவை 24 மணியிலிருந்து 2 மணி நேரமாகக் குறைக்கிறார்கள். போன சாதனங்களின் முகவரிகள் அன்றே திரும்பிவிடும். அது மட்டும் போதாது. இரவு ஒன்பதுக்கு உண்மையிலேயே 400 கருவிகள் கூடினால் 241 எப்படிப் பிரித்தாலும் போதாது. ஆகவே தொகுதியையும் விரிக்கிறார்கள். மாஸ்க் 255.255.255.0 என்பது 255.255.252.0 ஆகிறது, முகவரிகள் 254-இலிருந்து 1022-ஆக உயர்கின்றன. ஒரேயடியாகப் பத்தாயிரம் வைத்துக்கொள்ளலாமே என்றால், ஒரே தொகுதியில் கருவிகள் பெருகும்போது அவை எல்லாருக்குமாகக் கூவும் சத்தமும் பெருகும். வைஃபை அலைவரிசையின் நேரத்தை அதுவே தின்னத் தொடங்கும்.

எல்லாப் புகாரும் 169.254-இல் முடிவதில்லை. முகவரி 10, 172.16 முதல் 172.31 வரை, அல்லது 192.168 என்று தொடங்குகிறது, கேட்வேயும் இருக்கிறது, ஆனாலும் பக்கம் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும். அப்போது பிரௌசரின் பிழைச் செய்தியில் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வரிதான் மடலுக்கு வேண்டியது. மேலே பெரிதாக எழுதியிருப்பது பொதுவான அனுதாபச் செய்தி, அதில் பயனில்லை. `ERR_CONNECTION_TIMED_OUT` என்றால் கதவைத் தட்டினோம், யாரும் பேசவில்லை. நடுவில் ஏதோ வழி அடைபட்டிருக்கலாம், அல்லது லாகின் பெட்டியே மூச்சுவிடாமல் கிடக்கலாம். `ERR_CONNECTION_REFUSED` என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது, ஆனால் லாகின் பக்கத்தை நடத்தும் நிரல் மட்டும் விழுந்துகிடக்கிறது என்று ஊகிக்கலாம். `NET::ERR_CERT_DATE_INVALID` வந்தால் முதலில் உங்கள் லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். பழைய லேப்டாப்பில் மதர்போர்டின் சின்ன பேட்டரி செத்துப்போய், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். லேப்டாப்பின் தேதி சரியாக இருந்தால் கல்லூரி தன் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒரு வரியை அனுப்பினால் அவர்களே ஓடிவருவார்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாமல் அனுப்ப வேண்டும் என்பதும் இதனால்தான். முகவரிப் பட்டை, பொடி எழுத்து வரி, மூலையில் இருக்கும் மணி மூன்றும் தெரியவேண்டும். போனில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும், நாம் பார்ப்பது எந்த வழியின் பதில் என்றே தெரியாது. மேக் முகவரி கேட்டால், பெட்டியின் மேல் அச்சிட்டதையோ "போனைப் பற்றி" பகுதியில் இருப்பதையோ எழுதாமல், அந்தக் குறிப்பிட்ட வைஃபையின் விவரப் பக்கத்தில் காட்டுவதை எழுத வேண்டும். இரண்டும் இப்போது வேறு வேறு. கடவுச்சொல்லை எழுதவே வேண்டாம். லாகின் பக்கமே வராதபோது அதற்கு வேலையில்லை, கேட்டு மடல் வந்தால் அது நெட்வொர்க் டீமிலிருந்து வந்ததா என்று சந்தேகப்படுங்கள்.

பி பிளாக்குக்குத் திரும்பினால், மாற்றம் செய்த இரவு எல்லா மாடியிலும் லாகின் பக்கம் வருகிறது, 320-ஆம் அறையின் ஒரு லேப்டாப்பைத் தவிர. அந்த மாணவர் நம் மாணவரையே அழைத்து, "டேய், எனக்கு மட்டும் இன்னும் வரலடா" என்கிறார். முகவரி 10.20.6.38. கேட்வே சரி. பிழை வரி `ERR_NAME_NOT_RESOLVED`. இது பெயரை எண்ணாக மாற்ற முடியாதபோது வருவது. பட்டியலில் `DNS Servers` என்ற வரியில் கல்லூரியின் சர்வருக்குப் பதில் 8.8.8.8 என்று இருக்கிறது. வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விடுமுறையில் வீட்டில் இருந்தபோது கையால் போட்டது. அது கூகுளின் பொது டிஎன்எஸ். கல்லூரியின் லாகின் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் வளாகத்துக்கு உள்ளே மட்டும் வழங்குவது, கூகுளுக்கு அதைத் தெரியாது. போதாததற்கு, லாகின் செய்யாத கருவியை வெளியே இருக்கும் டிஎன்எஸ்ஸோடு பேசவே ஃபயர்வால் விடவில்லை. வீட்டில் வேலை செய்த அமைப்பு இங்கே வாசலிலேயே மாட்டிக்கொண்டது. போன்களில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் ஒரு சர்வர் பெயரைக் கையால் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே போன்ற தொல்லை வரும்.

விண்டோஸில் அந்த வைஃபையின் டிஎன்எஸ் அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் இதைத் தட்டினார்கள்:

```
ipconfig /flushdns
```

பிறகு வைஃபையை அணைத்துப் போட்டதும் பக்கம் வந்தது. இதற்கு மடல் எழுத வேண்டியிருக்கவில்லை.